பன்னிரண்டு பொருள், பத்து லட்சம் விற்பனை: பரேட்டோ அலசல் போடுவது எப்படி

கடையில் எது அதிகம் விற்கிறது என்று கேட்டால், கல்லாவில் இருப்பவர் பெரும்பாலும் கை அடிக்கடி போகும் பொருளைத்தான் சொல்வார். எலெக்ட்ரிகல் கடை என்றால் இன்சுலேஷன் டேப், சுவிட்ச், ஹோல்டர். நாள் முழுக்க எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பது அவற்றைத்தானே. ஆனால் மாத முடிவில் கல்லாவில் சேர்ந்த பணம் எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் பரேட்டோ அலசல். ஒவ்வொரு பொருளும் எத்தனை ரூபாய் கொண்டுவந்தது என்று கணக்கிட்டு, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, மேலிருந்து கூட்டிக்கொண்டே வர வேண்டும். எத்தனையாவது பொருளில் மொத்த வருவாயின் பெரும்பகுதி சேர்ந்துவிடுகிறது என்பதுதான் நாம் தேடும் விடை.

வில்ஃபிரடோ பரேட்டோ இத்தாலியப் பொருளியலாளர். 1890களில் சுவிட்சர்லாந்தின் லொசான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, ஒரு சமூகத்தில் வருமானம் எப்படிப் பரவியிருக்கிறது என்று ஆராய்ந்தார். கடைச் சரக்கைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. சிலவற்றிலேயே பெரும்பகுதி குவியும் என்ற கருத்தைத் தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்து அதற்குப் பரேட்டோவின் பெயரைச் சூட்டியவர் ஜோசஃப் ஜூரான். அந்தப் பெயரைக் கொஞ்சம் அவசரப்பட்டு வைத்துவிட்டதாக 1975இல் அவரே எழுதினார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நடுத்தர அளவிலான ஓர் எலெக்ட்ரிகல் கடையின் 3 மாத விற்பனையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க 12 பொருள்கள், மொத்தம் 10 லட்சம் ரூபாய் என்று அமைத்திருக்கிறோம். உண்மையான கடையில் 800 வரிகள்கூட இருக்கும், செய்முறை மாறாது.

| பொருள் | விற்ற எண்ணிக்கை | விலை (ரூ.) | வருவாய் (ரூ.) | பங்கு % | குவிவு % |
|---|---|---|---|---|---|
| ஒயர் காயில் | 210 | 2,000 | 4,20,000 | 42.0 | 42.0 |
| சீலிங் ஃபேன் | 120 | 1,750 | 2,10,000 | 21.0 | 63.0 |
| மாடுலர் சுவிட்ச் | 2,400 | 50 | 1,20,000 | 12.0 | 75.0 |
| எம்சிபி | 300 | 200 | 60,000 | 6.0 | 81.0 |
| எல்இடி பல்பு | 500 | 100 | 50,000 | 5.0 | 86.0 |
| பிவிசி பைப் | 800 | 50 | 40,000 | 4.0 | 90.0 |
| டிபி பாக்ஸ் | 20 | 1,500 | 30,000 | 3.0 | 93.0 |
| எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் | 100 | 250 | 25,000 | 2.5 | 95.5 |
| டியூப்லைட் | 80 | 225 | 18,000 | 1.8 | 97.3 |
| இன்சுலேஷன் டேப் | 1,200 | 10 | 12,000 | 1.2 | 98.5 |
| ஹோல்டர் | 400 | 25 | 10,000 | 1.0 | 99.5 |
| காலிங் பெல் | 25 | 200 | 5,000 | 0.5 | 100.0 |

பங்கு என்பது அந்தப் பொருளின் வருவாயை மொத்த வருவாயால் வகுத்து வருவது. குவிவு என்பது அதுவரை வந்த பங்குகளின் கூட்டுத்தொகை: ஒயர் 42, ஃபேனோடு சேர்த்தால் 63, சுவிட்சோடு 75. எம்சிபியைச் சேர்த்ததும் 80 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறோம். ஆக நான்கு பொருள்களே கடையின் விற்பனையில் 81 சதவீதம்.

இப்போது டேப்பைப் பாருங்கள். எண்ணிக்கையில் சுவிட்சுக்கு அடுத்தபடியாக விற்பது அதுதான், 1,200 உருண்டை. வருவாயிலோ பத்தாவது இடம், வெறும் 1.2 சதவீதம். ஃபேன் விற்றது டேப்பில் பத்தில் ஒரு பங்கு எண்ணிக்கைதான்; கொண்டுவந்த பணமோ பதினேழரை மடங்கு. எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தியிருந்தால் இந்தப் பட்டியலே தலைகீழாகியிருக்கும். பரேட்டோ அலசலைப் புதிதாகச் செய்பவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். மென்பொருளிலிருந்து எடுத்த அறிக்கையில் எண்ணிக்கை, மதிப்பு என்று இரண்டு பத்திகள் இருக்கும், தவறான பத்தியை வரிசைப்படுத்திவிடுவார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 20 சதவீதப் பொருளே 80 சதவீத வருவாயைத் தரும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இங்கே 12 பொருளில் 4 என்றால் 33 சதவீதம், 20 அல்ல. 80க்கு 20 என்பது சட்டம் கிடையாது, அடிக்கடி அதை ஒட்டி வருகிற ஒரு விகிதம், அவ்வளவுதான். ஒரு கடையில் 10 சதவீதப் பொருளே 70 சதவீத வருவாயைத் தரலாம், இன்னொன்றில் 35 சதவீதப் பொருள் தேவைப்படலாம். இரண்டு எண்ணும் சேர்ந்து 100 ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்று பொருள்களில் இவ்வளவு பங்கு, மற்றது வருவாயில் இவ்வளவு பங்கு. வெவ்வேறு மொத்தங்களின் சதவீதங்கள் கூடி 100 ஆக ஒரு காரணமும் இல்லை. தன் கடையில் 80க்கு 20 வரவில்லையே என்று தரவைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை.

எக்செலில் செய்முறை

பில்லிங் மென்பொருளிலிருந்து பொருள்வாரி விற்பனையை எக்செலுக்கு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். டேலிபிரைமில் அறிக்கையைத் திறந்துவைத்து Alt+E அழுத்தினால் அந்த வசதி வரும். வருவாய் என்று எடுப்பது வரி சேர்க்காத, தள்ளுபடி கழித்த தொகையாக இருக்கட்டும். திரும்பி வந்த சரக்குக்குப் போட்ட கிரெடிட் நோட்டுகளையும் கழித்துவிடுங்கள். ஜிஎஸ்டி சேர்ந்த தொகையை எடுத்தால், வரி விகிதம் வேறுபடும் பொருள்களுக்கு இடையே ஒப்பீடு கோணலாகிவிடும். அந்த வரிப்பணம் உங்களுடையதும் அல்ல.

அடுத்தது பெயர் சுத்தம், சலிப்பான வேலை, ஆனால் தப்பிக்க முடியாது. ஒரே பல்பு ‘எல்இடி பல்பு 9 வாட்’, ‘9 வாட் எல்இடி’, ‘பல்பு எல்இடி 9வா’ என்று மூன்று பெயரில் பில் ஆகியிருக்கும். கணினிக்கு அவை மூன்று தனிப் பொருள். ஒரே பெயருக்கு மாற்றிவிட்டு பிவட் டேபிள் போட்டால் பொருளுக்கு ஒரு வரி கிடைக்கும். அதை வருவாய்ப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். A பத்தியில் பெயர், B பத்தியில் எண்ணிக்கை, C பத்தியில் வருவாய், தரவு 2ஆம் வரியிலிருந்து 13ஆம் வரி வரை இருப்பதாகக் கொண்டால் சூத்திரங்கள் இவை:

```
D2: =C2/SUM($C$2:$C$13)
E2: =SUM($D$2:D2)
F2: =IF(E2-D2<0.8,"A",IF(E2-D2<0.95,"B","C"))
```

மூன்றையும் கீழ்வரை இழுத்துவிட்டால் போதும். டாலர் குறி இருக்கும் இடங்களைக் கவனமாகத் தட்டச்சு செய்யுங்கள். E2இல் முதல் செல்லுக்கு மட்டும் டாலர் வேண்டும், இரண்டாவதுக்குக் கூடாது. இரண்டுக்கும் போட்டால் குவிவு நகராமல் 42 சதவீதத்திலேயே நிற்கும். சரியாக வந்ததற்கு அடையாளம், கடைசி வரியில் குவிவு 100 சதவீதமாக இருப்பது. இன்னொரு சோதனையும் வேண்டும்: C பத்தியின் கூட்டுத்தொகை, கணக்குப் புத்தகத்தில் அதே காலத்துக்கான வரியில்லா விற்பனையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ விடுபட்டிருக்கிறது, மேலே போகாதீர்கள்.

F பத்தி பொருள்களை ஏ, பி, சி என்று பிரிக்கிறது: வருவாயில் முதல் 80 சதவீதத்தைத் தருபவை ஏ, அங்கிருந்து 95 சதவீதம் வரை பி, மிச்சம் சி. அதில் E2 என்று நேரடியாக எழுதாமல் E2-D2 என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. அந்தக் கழித்தலில் வருவது, இந்தப் பொருளுக்கு முன்புவரை சேர்ந்த குவிவு. எம்சிபிக்கு முன்பு 75, இன்னும் 80ஐ எட்டவில்லை; எனவே எம்சிபி ஏ வகைதான். E2ஐ நேரடியாக ஒப்பிட்டிருந்தால் எம்சிபியின் குவிவு 81 என்பதால் அது பி வகைக்குத் தள்ளப்பட்டு, ஏ வகை 75 சதவீதத்தோடு நின்றிருக்கும். சின்ன விஷயம் போலத் தோன்றும். ஒரே பொருள் 85 சதவீத வருவாய் தரும் கடையில் அந்தத் தவறான சூத்திரம் கடையின் ஒரே தூணைப் பி வகையில் போட்டு, ஏ வகையைக் காலியாக விட்டுவிடும்.

படமாகப் பார்க்க வேண்டுமானால் எக்செல் 2016 முதல் பரேட்டோ வரைபடம் உள்ளேயே இருக்கிறது. பெயரையும் வருவாயையும் தேர்ந்தெடுத்து Insert மெனுவில் Pareto என்பதை அழுத்தினால், பட்டைகளும் அவற்றுக்கு மேலே ஏறும் கோடும் வரும். அந்தக் கோடு வேகமாக எழும்பிப் பிறகு படுத்துவிட்டால், வருவாய் சிலவற்றில் குவிந்திருக்கிறது என்று பொருள். கிட்டத்தட்ட நேர்கோடாகவே போனால் எல்லாப் பொருளும் ஏறக்குறைய சமமாக விற்கின்றன. அப்போது ஏ, பி, சி என்று பிரித்து ஒரு பயனும் இல்லை.

ஒயரை எத்தனை பொருளாக எண்ணுவது?

மேலே ஒயர் காயில் என்று ஒரே வரியாகப் போட்டோம். கடையின் கணினியில் அது அப்படி இருக்காது. 1 எம்எம், 1.5 எம்எம், 2.5 எம்எம் என்று மூன்று கனம், ஒவ்வொன்றிலும் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை என்று ஐந்து நிறம். ஆக 15 வரிகள். பேச்சுக்கு 4,20,000 ரூபாயைச் சமமாகப் பிரித்தால் ஒவ்வொரு வரிக்கும் 28,000 ரூபாய். இப்போது வரிசைப்படுத்தினால் முதலிடத்துக்கு ஃபேன் வந்துவிடும். கடையிலேயே பெரிய வருவாய் தருகிற ஒயர், டிபி பாக்ஸுக்குக் கீழே, எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குச் சற்று மேலே, 15 சில்லறை வரிகளாகச் சிதறிக் கிடக்கும். ஃபேனையும் நிறம் நிறமாகப் பிரித்திருந்தால் அதுவும் அப்படியே கீழே இறங்கியிருக்கும். எதையும் மறைக்காமல், பொய் எண் எதுவும் போடாமல், பட்டியல் நம்மை ஏமாற்றும் இடம் இது.

எந்த மட்டத்தில் சேர்ப்பது என்பதை, எடுக்கப்போகும் முடிவுதான் தீர்மானிக்க வேண்டும். எந்தக் கம்பெனி டீலரோடு உட்கார்ந்து விலை பேசுவது என்று முடிவெடுக்க, ஒயரை ஒரே வரியாகவோ பிராண்டுவாரியாகவோ சேர்க்க வேண்டும். அடுத்த வாரம் எதை எத்தனை ஆர்டர் போடுவது என்று முடிவெடுக்க நிறம், கனம் வரை போக வேண்டும்; சிவப்பு 1.5 எம்எம் கேட்டு வந்தவரிடம் பச்சையைக் கொடுத்து அனுப்ப முடியாது. இரண்டு கேள்விக்கும் இரண்டு பட்டியல் போடுவது நல்லது. ஒரே பட்டியலுக்குள் ஒயரைச் சேர்த்தும் பல்பைப் பிரித்தும் வைப்பதுதான் கூடாது.

மூன்று மாதம் பொய் சொல்லலாம்

அந்த 210 காயிலில் 90 காயில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்காக ஒரே காண்ட்ராக்டர் வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கழித்தால் ஒயர் 120 காயில், 2,40,000 ரூபாய். மொத்த விற்பனையும் 8,20,000 ஆகக் குறையும். ஒயரின் பங்கு 42 சதவீதத்திலிருந்து 29 சதவீதத்துக்கு இறங்கி, ஃபேன் 26 சதவீதத்தோடு ஏறக்குறைய பக்கத்தில் வந்து நிற்கும். 42 சதவீதத்தை நம்பி அடுத்த காலாண்டுக்கும் 210 காயில் வாங்கிப் போட்டால், 90 காயில் அளவுக்கான முதலீடு அலமாரியில் தூங்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒவ்வொரு ஏ வகைப் பொருளுக்கும் மிகப்பெரிய ஒரே பில் எவ்வளவு என்று பார்ப்பது. அந்தப் பொருளின் வருவாயில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒரே பில்லிலோ ஒரே வாடிக்கையாளரிடமோ இருந்து வந்திருந்தால், அதைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு இன்னொரு முறை கணக்குப் போடுங்கள்.

பருவமும் இப்படித்தான். ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்த கணக்கில் ஃபேன் விற்பனை கோடை தொடங்கும் மார்ச்சில் வீங்கியிருக்கும். ஐப்பசி மழையில் அதே ஃபேன் எங்கே நிற்கும் என்று இந்தப் பட்டியல் சொல்லாது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்ற பெரிய முடிவுக்கு 12 மாதத் தரவு வேண்டும். ஆர்டர் போடுவதற்கு அண்மைய 3 மாதத்தோடு, போன வருடத்தின் அடுத்த 3 மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இவற்றைவிடக் கண்ணுக்குப் படாதது, இல்லாத சரக்கு. 90 நாளில் 20 நாள் ஃபேன் ஸ்டாக்கே இல்லை என்றால், 120 ஃபேனும் 70 நாளில் விற்றவை. ஸ்டாக் இருந்திருந்தால் அதே வேகத்தில் 154 வரை போயிருக்கும். மதிப்பில் கிட்டத்தட்ட 2,70,000 ரூபாய். விற்பனை அறிக்கையில் இந்த இழப்புக்கு வரியே கிடையாது. கேட்டு வந்து ‘இல்லை’ என்று சொல்லித் திரும்பியவருக்குப் பில் போடுவதில்லையே. தினமும் விற்கும் ஒரு பொருளுக்குத் தொடர்ந்து பல நாள் பூஜ்யம் வந்தால், அந்தத் தேதிகளைக் கொள்முதல் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சரக்கு வந்த மறுநாளே விற்பனை குதித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். நடுவில் அறிமுகமான புதுப் பொருளையும் இதே மாதிரி, இருந்த நாள்களுக்கு இவ்வளவு என்று ஒரு நாள் கணக்கில்தான் ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் வந்து ஒரு மாதமே ஆன நல்ல பொருள் சி வகையில் விழுந்து, யாரும் கவனிக்காமலே போய்விடும்.

விற்பனை பெரிதா, லாபம் பெரிதா

வருவாய் அதிகம் என்பதால் லாபம் அதிகம் என்று ஆகிவிடாது. ஒயரில் போட்டி அதிகம், காண்ட்ராக்டர் பேரம் பேசுவார். 5 சதவீதம் நின்றால் பெரிது என்று வைத்துக்கொள்வோம். ஃபேனில் 10, சுவிட்சில் 25, எம்சிபியிலும் பல்பிலும் 20, டேப்பிலும் ஹோல்டரிலும் 40, மற்றவற்றில் 15 முதல் 30 வரை. இந்தக் கணக்கில் ஒயர் தரும் லாபம் 21,000 ரூபாய், ஃபேனும் அதே 21,000. சுவிட்ச் 30,000. கடையின் மொத்த லாபம் 1,23,500 ரூபாய் வருகிறது. அதில் சுவிட்ச் மட்டும் 24 சதவீதம், ஒயர் 17 சதவீதம். வருவாயில் மூன்றாவதாக இருந்த சுவிட்ச் லாபத்தில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. முதல் மூன்று பொருளும் வருவாயில் 75 சதவீதம் தந்தன, லாபத்தில் 58 சதவீதம்தான் தருகின்றன.

இதற்காக வருவாய்ப் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கடன் எவ்வளவு புரளும், சரக்கில் முதல் எவ்வளவு முடங்கும் என்பதற்கு வருவாய்ப் பட்டியல் வேண்டும். அலமாரியில் கண்ணுக்கு நேரான தட்டை எதற்குக் கொடுப்பது என்பதற்கு லாபப் பட்டியல். C பத்தியில் வருவாய்க்குப் பதில் லாபத்தைப் போட்டு, மறுபடி இறங்குவரிசையில் அடுக்கினால் அதே சூத்திரங்கள் வேலை செய்யும். அடுக்க மறந்துவிட்டால் குவிவு கணக்கு அர்த்தமில்லாமல் போகும், எக்செல் எச்சரிக்காது.

பட்டியல் கையில் வந்த பிறகு

ஏ வகைப் பொருளின் ஸ்டாக்கை வாரம் ஒருமுறை கையால் எண்ணிக் கணினியோடு ஒப்பிடுங்கள். எந்த அளவுக்குக் குறைந்ததும் ஆர்டர் போடுவது என்பதையும் எழுதிவைத்துவிட வேண்டும். 90 நாளில் 120 ஃபேன் என்றால் நாளுக்குச் சுமார் 1.3. ஆர்டர் போட்டு சரக்கு வர 6 நாள் ஆகும் என்றால் அதற்குள் 8 ஃபேன் போய்விடும். திடீர்த் தேவைக்கு 5 சேர்த்து, 13 ஆகக் குறைந்ததும் ஆர்டர். கோடையில் நாள் விற்பனை கூடும்போது இந்த 13ஐயும் கூட்ட வேண்டும். பி வகைக்கு மாதம் ஒரு முறை எண்ணினால் போதும்.

அடியில் இருக்கும் சி வகையில்தான் நிதானம் வேண்டும். பட்டியலைப் பார்த்ததும் அடிமட்டப் பொருள்களை நிறுத்திவிட்டால் இடமும் முதலும் மிச்சம் என்று தோன்றும். டேப்பை நிறுத்திப் பாருங்கள். ஒயரும் சுவிட்சும் வாங்க வந்த எலெக்ட்ரீஷியன் பத்து ரூபாய் டேப்புக்காக இன்னொரு கடைக்குப் போக மாட்டார். மொத்தப் பட்டியலையும் அந்த இன்னொரு கடையில் கொடுத்துவிடுவார். ஆகவே ஒரு சி வகைப் பொருளை நிறுத்தும் முன், அது இடம்பெற்ற பில்களை மட்டும் வடிகட்டி, அவற்றில் எத்தனை பில்லில் ஏ வகைப் பொருளும் இருந்தது என்று எண்ணுங்கள். டேப் இருந்த பில்களில் பாதிக்கு மேல் ஒயரோ சுவிட்சோ இருந்தால் டேப் ஒயர் விற்பனையின் ஒரு பகுதி, அதன் 1.2 சதவீதத்தைத் தனியாகப் பார்ப்பதே தவறு. ஒன்றிரண்டு பெட்டி கூடுதலாகவே வாங்கி வையுங்கள், விலை மலிவு, கெட்டும் போகாது. காலிங் பெல் பெரும்பாலும் தனி பில்லாகவே போகிறது, 3 மாதத்தில் 25தான் விற்கிறது, அதிலும் எட்டு மாடல் அடுக்கி வைத்திருக்கிறீர்கள் என்றால், இரண்டு மாடலாகக் குறைப்பதில் நஷ்டம் வராது.

காலாண்டுக்கு ஒருமுறை புதுப் பட்டியல் போட்டு, பழைய பட்டியலின் F பத்தியைப் பொருளின் பெயரோடு பொருத்திப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வகை மாறிய பொருள்களை மட்டும் கவனித்தால் போதும். எம்சிபி ஏயிலிருந்து பிக்கு இறங்கியிருந்தால், உடனே ஆர்டரைக் குறைக்காமல் எண்ணிக்கைப் பத்தியைப் பாருங்கள். மறுபடியும் 300 விற்றிருந்தால் எம்சிபி சரியவில்லை, வேறு ஏதோ மேலே ஏறியிருக்கிறது. செம்பு விலை ஏறி ஒயரின் விலை கூடினால், ஒரு காயில்கூட அதிகம் விற்காமலே ஒயரின் பங்கு பெருத்து, மற்ற எல்லாவற்றின் பங்கும் சுருங்கிவிடும்.